‘ஓரிரு இடங்களில் கனமழை’ என்று வாசித்தோம், மூன்று மாவட்டம் நனைந்தது: மழைநாள் வானிலை வாசிப்பை எப்படி எழுதுவது?

அலைவரிசை · நவம்பர் 11, இரவு 11:40

ஓர் உள்ளூர்த் தொலைக்காட்சியின் செய்திப்பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் வானிலைக்கு என்று தனி ஆள் கிடையாது. வானிலை மையத்தின் அறிக்கை மதியம் வரும், அதை வைத்து இரவு 9 மணி செய்திக்கு 90 வினாடி வாசிப்பு எழுதித் தருவது என் வேலை. அறிக்கையில் உள்ள சொல்லை மாற்றாமல் வாசித்தால் போதும், அதுதான் பாதுகாப்பு என்பது எங்கள் ஆசிரியரின் கருத்து. நானும் இதுவரை அப்படித்தான் நினைத்தேன். போன வாரம் ஒரு மழைநாளுக்குப் பிறகு சந்தேகம் வந்துவிட்டது. அன்று வாசித்தது இது, மாவட்டப் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்:

> தென்மேற்கு வங்கக்கடல் பகுதியில் நிலவும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி மேற்கு வடமேற்குத் திசையில் நகர்ந்து அடுத்த 24 மணி நேரத்தில் மேலும் வலுப்பெறக்கூடும். இதன் காரணமாக கடலோர மாவட்டங்களில் அநேக இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும். கடலூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கன முதல் மிக கனமழை பெய்ய வாய்ப்புள்ளது. இன்று அதிகபட்சமாக 14 செ.மீ. மழை பதிவாகியுள்ளது. மீனவர்கள் இப்பகுதிகளுக்குச் செல்ல வேண்டாம் என அறிவுறுத்தப்படுகிறார்கள்.

மறுநாள் வந்த அழைப்புகளில் மூன்று என்னைத் தூங்கவிடவில்லை. ஒருவர், "ஓரிரு இடம்னு சொன்னீங்க, நம்ம ஊர் அதுல இருக்காதுன்னு மாட்டை வயல் பக்கமே கட்டி வச்சிருந்தேன்" என்றார். இன்னொருவர் "வலுப்பெறும்னா புயல்தானே, எப்போ கரையைக் கடக்குது" என்று கேட்டார். மூன்றாமவர் கோபமாகவே பேசினார்: "இன்னிக்கு 14 சென்டிமீட்டர்னு சொல்றீங்க, எங்க ஊர்ல பகல் முழுக்க ஒரு சொட்டு இல்லை."

அறிக்கையில் தவறு எதுவும் இல்லை. நாங்களும் தப்பாக வாசிக்கவில்லை. அப்படியானால் எங்கே உடைந்தது?

வாடை_67 · நவம்பர் 12, காலை 6:15

உடைந்தது உங்கள் எழுத்தில் இல்லை, அறிக்கையில்தான். வெறும் தாழ்வுப் பகுதிக்கு மிக கனமழை என்று எழுதுவதே மிகை. மண்டலமாக வலுத்தால்தான் மழை பெரிதாக இருக்கும். அப்புறம் ஒரு சுலபமான விதி உண்டு, மழை எப்போதும் மையத்துக்கு வடக்கேதான் கொட்டும். மையம் எங்கே என்று படத்தில் புள்ளி வைத்து, அதற்கு வடக்கே உள்ள மாவட்டங்களைச் சொல்லிவிடுங்கள். மக்களுக்குப் புரியும். முப்பது வருடமாக வடகிழக்குப் பருவமழையைக் குறித்து வைக்கிறேன், இது தவறியது குறைவு.

ஈசானமூலை · நவம்பர் 12, காலை 9:02

வானிலைச் செய்தி எழுதியும் வாசித்தும் பல வருடம் இருந்தவன் நான். வாடை சொல்வதில் பாதி சரி, மறு பாதி ஆபத்து. முதலில் ஆபத்தான பாதி.

மழையின் அளவுக்கும் அமைப்பின் வலுவுக்கும் நேர்க்கோட்டு உறவு கிடையாது. தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், புயல் என்ற படிகள் எல்லாம் காற்றின் வேகத்தை வைத்துப் பிரித்தவை. மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் கீழே என்றால் தாழ்வுப் பகுதி, அதிலிருந்து 49 வரை தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62ஐத் தொட்டால் புயல். இந்தப் பட்டியலில் மழை என்ற சொல்லே வரவில்லை, பாருங்கள். 2015 டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பதிவானது. அன்று புயலும் இல்லை, தாழ்வு மண்டலமும் இல்லை. 2023 டிசம்பர் 18 காலை வரை காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டியதே, அன்று குமரிக்கடல் பக்கம் இருந்தது வெறும் வளிமண்டலச் சுழற்சி, தாழ்வுப் பகுதி என்ற பெயர்கூட அதற்குக் கிடைக்கவில்லை. "வெறும் தாழ்வுப் பகுதிதானே" என்ற நினைப்பை வாசிப்பவரின் குரலே பார்ப்பவருக்குக் கொடுத்துவிடக் கூடாது.

சரியான பாதி, மழை மையத்தில் விழுவதில்லை என்பது. நம் பக்கம் காற்று தாழ்வைச் சுற்றி இடஞ்சுழியாக வீசும். கிழக்குக் கரையில் மையத்துக்கு வடக்கே உள்ள இடத்துக்கு அது கடலிலிருந்து வரும், ஈரத்தோடு வரும். மையத்துக்குத் தெற்கே போனால் காற்று நிலத்திலிருந்து வரும், மழை குறையும். ஆனால் இது நல்ல வலுவான, ஒழுங்கான அமைப்புக்குத்தான் சரியாகப் பொருந்தும். பலவீனமான தாழ்வுக்கு மையமே தெளிவாக இருக்காது, காலையில் ஓரிடத்தில் வைத்த புள்ளியை மாலையில் 100 கிலோமீட்டர் தள்ளி வைப்பார்கள். மேகமோ மையத்தைவிட்டு எங்கோ குவிந்திருக்கும். அந்தப் புள்ளியை நம்பி மாவட்டத்தின் பெயரைச் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள்.

இனி உங்கள் வாசிப்பு. மூன்று அழைப்பும் மூன்று தனித்தனிச் சொற்களைச் சுட்டுகின்றன, அதனால் நீங்கள் அதிர்ஷ்டசாலி என்றே சொல்வேன். பெரும்பாலும் யாரும் அழைத்துச் சொல்வதில்லை.

"ஓரிரு இடங்களில்" என்பது வானிலைக்காரர்களின் அளவுகோல். ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை மழை பதிவானால் அதற்கு அந்தப் பெயர். கால் பங்குக்கு மேல் பாதி வரை ஒரு சொல், பாதிக்கு மேல் முக்கால் வரை ஒரு சொல், அதற்கு மேல் இன்னொன்று. மாவட்டத்தில் 20 மழைமானி இருந்தால் ஐந்து வரை "ஓரிரு" தான். வீட்டில் உட்கார்ந்து கேட்பவருக்கு ஓரிரு என்றால் ஒன்று அல்லது இரண்டு. அதுவும் யாரோ ஒருவருடைய ஊர். அறிக்கை எழுதியவரும் கேட்டவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பொருளில் நிற்கிறார்கள், நடுவில் நிற்பது நீங்கள்தான்.

மீதியை மாலையில் எழுதுகிறேன்.

அலைவரிசை · நவம்பர் 12, காலை 10:30

கால் பங்கு என்பது எனக்கே இன்றுதான் தெரியும், நான்கு வருடமாக அந்தச் சொல்லை எழுதித் தந்திருக்கிறேன். ஆனால் அதை "சில ஊர்களில்" என்று மாற்றினால், அறிக்கையில் இல்லாததைச் சேர்த்துவிட்டாய் என்று ஆசிரியர் கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்வது?

தாழம்பூ · நவம்பர் 12, பகல் 1:20

இது வரைபடம் பற்றிய கேள்வி என்று நினைத்து வந்தேன், முழுக்கப் படித்த பிறகுதான் வாசிப்பு என்று தெரிந்தது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்குக் காது கேட்காது. அவர் வானிலைச் செய்தியைப் பார்ப்பார், கேட்க மாட்டார். அவருக்குத் தெரிவது வண்ணம் பூசிய மாவட்டமும் கீழே ஓடும் வரியும் மட்டும். எங்கள் மாவட்டம் ஆரஞ்சு நிறத்தில் இருந்தால், மாவட்டம் முழுக்க மழை, எல்லா இடத்திலும் ஒரே அளவு என்று எடுத்துக்கொள்வார். அன்று வீட்டில் குரல் "ஓரிரு இடம்" என்றது, படம் "எல்லா இடமும்" என்றது. நான் குரலை நம்பினேன், அம்மா படத்தை நம்பினார். அரிசி மூட்டையை அம்மா மேலே ஏற்றி வைத்தார், நான் சிரித்தேன். அம்மா செய்ததுதான் சரியாகப் போனது.

கீழே ஓடும் வரியிலோ அன்று இரவு 10 மணி வரை மதியத்து அறிக்கையே ஓடிக்கொண்டிருந்தது.

கரைவலை · நவம்பர் 12, மாலை 4:45

என்னிடம் ஒரு விசைப்படகு இருக்கிறது. உங்கள் கடைசி வரியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். "மீனவர்கள் இப்பகுதிகளுக்குச் செல்ல வேண்டாம்." எந்தப் பகுதிகள்? அதற்கு இரண்டு வரி மேலே மாவட்டப் பெயர்தான் இருக்கிறது, கடலின் பெயர் முதல் வரியோடு போய்விட்டது. எத்தனை நாளைக்கு என்றும் இல்லை. ஏற்கெனவே கடலில் இருப்பவன் என்ன செய்ய வேண்டும் என்றும் இல்லை. அப்படிப்பட்ட நாளில் கடலுக்குப் போக எங்களுக்கு அனுமதி டோக்கன் கொடுக்க மாட்டார்கள், அதனால் கரையில் இருப்பவனுக்கு எப்படியும் தெரிந்துவிடும். உங்கள் வரி தேவைப்படுவது கடலுக்குப் போயிருப்பவனின் வீட்டுக்கு. அவர்கள்தான் கேட்டுவிட்டு எப்படியாவது தகவல் சொல்லப் பார்ப்பார்கள்.

இன்னொன்று, பலநாள் சந்தேகம். தாழ்வுப் பகுதி என்றால் காற்று 31க்குக் கீழே என்று ஈசானமூலை எழுதியிருக்கிறார். ஆனால் அதே நாளின் மீனவர் எச்சரிக்கையில் "சூறாவளிக் காற்று மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்திலும்" என்று வருகிறதே. இரண்டில் எது உண்மை?

ஈசானமூலை · நவம்பர் 12, இரவு 8:10

கரைவலை கேட்டதற்கு முதலில். இரண்டும் உண்மை, அளப்பது வேறு வேறு. 31 என்ற எல்லை அந்தச் சுழற்சியோடு சேர்ந்து நிலையாக வீசும் காற்றின் சராசரிக்கு. எச்சரிக்கையில் வருவது அந்தக் கடற்பரப்பில் மழைமேகங்களுக்கு அடியில் திடீரென்று கிளம்பி அடங்கும் காற்றையும் சேர்த்து. வடக்கே அழுத்தம் அதிகமாக இருந்தால் தாழ்வுக்கும் அதற்கும் நடுவில் வாடைக் காற்று இறுகி, மையத்திலிருந்து வெகு தூரத்தில்கூட பலமாக வீசும். படகைக் கவிழ்ப்பது அந்தக் காற்றுதான், அதனால் எச்சரிக்கை அதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் "சூறாவளிக் காற்று" என்ற சொல்லை நான் வாசிப்பில் போடமாட்டேன். ஊரில் பாதிப் பேருக்கு சூறாவளியும் புயலும் ஒன்று. "பலத்த காற்று, திடீர் திடீரென்று 55 கிலோமீட்டர் வரை" என்றால் போதும்.

அலைவரிசைக்கு. ஆசிரியரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: சொல்லை மாற்றாமல் இருப்பது எழுத்துக்கு விசுவாசம், பொருளை மாற்றாமல் இருப்பது அறிக்கைக்கு விசுவாசம். எதை மாற்றக் கூடாது என்று நான் ஒரு கோடு வைத்திருந்தேன். மாவட்டத்தின் பெயர், மழையின் தரம், காலவரை, எச்சரிக்கையின் நிறம், கடற்பரப்பின் பெயர் ஆகியவற்றை நான் தொடமாட்டேன், கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். வாக்கியத்தை உடைக்கலாம், வரிசையை மாற்றலாம், அளவைச் சொல்லாக்கலாம். அந்த உரிமைகூட இல்லையென்றால் அறிக்கையைத் திரையில் ஓடவிட்டுப் போகலாமே, எழுத ஆள் எதற்கு?

இரண்டாவது அழைப்பு, "வலுப்பெறக்கூடும்". எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு என்று சொல்லாத வரை அந்தச் சொல் கேட்பவர் மனத்தில் நேராகப் புயலுக்குத்தான் ஏறும். தமிழில் இதற்கு ஒரு கூடுதல் தொல்லை உண்டு. தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம் இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. பகுதி மண்டலமானால் என்ன ஆகும் என்று சொல்லிலிருந்து யாராலும் ஊகிக்க முடியாது. நான் "அடுத்த படியான தாழ்வு மண்டலம்" என்றே வாசிப்பேன், எழுத்தில் நீளமாகத் தெரிந்தாலும் காதுக்கு அது படிக்கட்டு என்று புரியும்.

மூன்றாவது, 14 செ.மீ. இது எல்லாத் தொலைக்காட்சியிலும் நடக்கும் பிழை. மழைக்கணக்கு நேற்று காலை 8:30 முதல் இன்று காலை 8:30 வரை. அதைத்தான் இன்றைய தேதியில் எழுதுவார்கள். நீங்கள் இரவு 9 மணிக்கு "இன்று பதிவானது" என்று வாசித்தால், கேட்பவர் இன்று பகலை நினைப்பார். அந்த 14இல் பெரும்பகுதி முந்தைய இரவு பெய்திருக்கும். "இன்று காலை எட்டரையுடன் முடிந்த ஒரு நாளில்" என்று சொல்லுங்கள். ஐந்து சொல் கூடுதல், அவ்வளவுதான்.

இதோடு ஒட்டியது "அடுத்த 24 மணி நேரம்". எப்போதிலிருந்து? மதியம் எழுதிய அறிக்கையில் அது ஒரு பொருள், இரவு 9 மணிக்கு வாசிக்கும்போது வேறு பொருள். எட்டு மணி நேரம் தானாகக் கூடிவிடுகிறது. மணி நேரத்தை எண்ணவே விடாதீர்கள். "நாளை காலை எட்டரை வரை", "நாளை மறுநாள் காலை வரை" என்று கடிகாரத்தைச் சொல்லுங்கள், எந்த நேரத்தில் வாசித்தாலும் அது மாறாது.

மழையின் தரத்தையும் எண்ணாக்கிச் சொல்லலாம். கனமழை என்றால் 7 முதல் 12, மிக கனமழை என்றால் 13 முதல் 20, அதற்கு மேல் அதி கனமழை. சென்டிமீட்டர் கணக்கில்.

வாடை_67 · நவம்பர் 12, இரவு 9:30

ஈசானமூலைக்கு, கனமழை 7 முதல் 11 வரைதான், 12 தொட்டாலே மிக கனமழை. நீங்கள் எழுதியது பழைய கணக்கு.

காயல்பட்டினத்தை நான் மறந்துதான் பேசினேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றுகூட கடலிலிருந்து வந்த கிழக்குக் காற்றுதான் மழையைக் கொண்டுவந்தது, அந்த வகையில் என் விதி முழுக்கப் பொய் இல்லை. மையத்தின் புள்ளியை விட்டுவிட்டு, காற்று கடலிலிருந்து வருகிறதா நிலத்திலிருந்தா என்று பார்க்கலாம் என்று திருத்திக்கொள்கிறேன்.

ஈசானமூலை · நவம்பர் 12, இரவு 9:52

வாடை சரி. 7 முதல் 11, 12 முதல் 20, 21க்கு மேல். பழைய எண் கையில் ஊறிவிட்டது, அலைவரிசை மேலே நான் எழுதியதை எடுத்து ஒட்டிவிட வேண்டாம். காற்றின் திசையைப் பார்ப்பது நல்ல திருத்தம், ஆனால் அது எழுதுபவர் தனக்காகப் பார்த்துக்கொள்வது. வாசிப்பில் வேண்டாம்.

இன்னொரு விஷயம் விட்டுப்போனது. "லேசானது முதல் மிதமான மழை" என்று ஒரு வரி வருகிறதே, அந்த மிதமான மழையின் மேல் எல்லை 6 செ.மீ.க்கும் மேலே போகும். வடிகால் இல்லாத தெருவில் 6 செ.மீ. ஒரே மணி நேரத்தில் விழுந்தால் முழங்கால் அளவு தண்ணீர். மிதமான என்ற சொல்லைக் கேட்டு யாரும் அதை நினைக்க மாட்டார்கள். இதற்கு நல்ல மாற்று எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

அலைவரிசை · நவம்பர் 13, அதிகாலை 1:15

எல்லாவற்றையும் வைத்துத் திரும்ப எழுதிப் பார்த்தேன். மழையை மேலே கொண்டுவந்து, தாழ்வுப் பகுதியைக் கீழே தள்ளினேன். கேட்பவருக்கு முதலில் வேண்டியது தன் ஊரில் என்ன நடக்கும் என்பது, கடலில் என்ன இருக்கிறது என்பது அப்புறம்தான்.

> இன்று இரவு முதல் நாளை காலை எட்டரை வரை கடலூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களில் சில ஊர்களில் கனமழையும் மிக கனமழையும் பெய்யலாம். மிக கனமழை என்றால் ஒரே நாளில் 12 முதல் 20 சென்டிமீட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 20 சென்டிமீட்டர் மழை விழுந்தால், சுமார் பதினெட்டாயிரம் லிட்டர் தண்ணீர். எந்த ஊரில் கொட்டும் என்று இப்போது சொல்ல முடியாது, அதனால் மூன்று மாவட்டத்தினரும் தயாராக இருக்க வேண்டும். தென்மேற்கு வங்கக்கடலில் உள்ள காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி இதற்குக் காரணம். இது புயல் இல்லை. நாளை இது அடுத்த படியான தாழ்வு மண்டலமாகலாம், அதுவும் புயல் இல்லை.

எழுதியதும் நானே வாசித்து நேரம் பார்த்தேன், மீனவர் வரி இல்லாமலே 50 வினாடி ஆனது. என் வேகத்தில் நிமிடத்துக்கு 90 சொல்தான் தெளிவாக வருகிறது, அதற்கு மேல் போனால் மாவட்டப் பெயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

கரைவலை · நவம்பர் 13, காலை 7:00

"இது புயல் இல்லை" என்று இரண்டு தடவை சொல்கிறீர்கள். எங்கள் குப்பத்தில் இதைக் கேட்டால் "புயல் இல்லையாம்" என்று மட்டும் மனத்தில் நிற்கும், மீதி எல்லாம் போய்விடும். கட்டுமரத்தைக்கூட மேலே இழுத்துப் போடமாட்டார்கள்.

தாழம்பூ · நவம்பர் 13, காலை 8:25

பதினெட்டாயிரம் லிட்டர் எனக்குப் புரிந்தது, சென்டிமீட்டர் ஒருநாளும் புரிந்ததில்லை. அம்மாவுக்கு எழுதிக் காட்டினேன், "நம்ம மாடிக் குழாய் அவ்வளவு தண்ணியை இழுக்குமா" என்று கேட்டுவிட்டு, மாடிக்குப் போய் இலையையெல்லாம் வாரிவிட்டு வந்தார்.

வாசிப்பவர் "சில ஊர்களில்" என்று சொல்லும்போது, படத்திலும் அதே சொல் மாவட்டத்தின் மேல் எழுத்தாக வரவேண்டும். இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் நடந்த அதே கதை.

ஈசானமூலை · நவம்பர் 13, காலை 11:40

கரைவலை சொன்னது மிக முக்கியம். இல்லை என்ற சொல் காதில் விழுந்ததும் பயம் இறங்கிவிடும். நான் ஒரு முறை இதே வரியை வாசித்து, மறுநாள் வருந்தியிருக்கிறேன். புயல் என்ற சொல்லைச் சொல்லியே ஆகவேண்டும், வதந்தி பரவும் நாளில் அதை ஒளிக்க முடியாது. "புயல் இல்லாமலே இந்த மழை பெய்யும்" என்று திருப்பிப் போடுங்கள். அதே செய்திதான், வாக்கியம் மழையில் போய் முடிகிறது.

லிட்டர் கணக்கைச் சரிபார்த்தேன், சரியாக இருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி 93 சதுர மீட்டர், 200 மில்லிமீட்டரால் பெருக்கினால் பதினெட்டாயிரத்து அறுநூறு. ஆனால் வாசிப்பில் இதைத் தினமும் போடாதீர்கள், மூன்றாம் நாள் யார் காதிலும் ஏறாது. மிக கனமழை என்று வரும் முதல் நாள் மட்டும் போதும்.

தாழம்பூவின் அம்மா படத்தை நம்பி மூட்டையை ஏற்றினாரே, நிறத்தின் நோக்கமே அதுதான். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் உடனே செயல்படு. மழை எவ்வளவு பெய்யும் என்பதைவிட நாம் என்ன செய்ய வேண்டும் என்பதற்கான நிறம் அது. பெரும்பாலான வாசிப்புகள் "ஆரஞ்சு எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளது" என்று சொல்லி நின்றுவிடுகின்றன. "ஆரஞ்சு, அதாவது தயாராக வேண்டிய நேரம்" என்று அரை வரி சேருங்கள்.

இரவு 9 மணி வாசிப்புக்கு ஒரு தனிக் கனம் உண்டு. பருவமழைக் காலத்தில் கடலோரத்தில் மழை பின்னிரவிலும் விடியற்காலையிலும் இறுகுவது வழக்கம். அந்த நேரத்தில் யாரும் தொலைக்காட்சி பார்ப்பதில்லை. ஆகவே படுக்கப் போகும் முன் அவர்கள் கேட்கும் கடைசிச் சொல் உங்களுடையது. மாலையில் வானம் வெளுத்திருந்தால் மழை விட்டுவிட்டது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், அதற்கு ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

வாடை_67 · நவம்பர் 13, பகல் 2:05

எல்லாம் சரி, ஆனால் தாழ்வுப் பகுதியைக் கடைசியில் வைப்பதை நான் ஏற்கவில்லை. காரணத்தை முதலில் கேட்டால்தான் விளைவு மனத்தில் பதியும். என் வீட்டில் எல்லோரும் முதலில் கேட்பது "கடல்ல என்ன இருக்கு" என்றுதான்.

அலைவரிசை · நவம்பர் 13, மாலை 6:30

எங்கள் ஆசிரியரும் வாடை கட்சி. செயற்கைக்கோள் படம்தான் முதலில் திரையில் வரும், அதில் மேகம் சுழன்றுகொண்டிருக்கும்போது குரல் மாவட்டத்தைப் பற்றிப் பேசினால் பொருந்தாது என்கிறார். அதுவும் நியாயம்தான். கடைசியில் முதல் படத்தையே மாற்றச் சொல்லி, மாவட்ட வரைபடத்தில் தொடங்க ஒப்புக்கொண்டார், ஒரு வாரத்துக்கு மட்டும். "சில ஊர்களில்" என்பதற்கும் சம்மதித்தார், ஆனால் திரையில் அறிக்கையின் மூலச் சொல்லும் எழுத்தாக இருக்க வேண்டுமாம். தாழம்பூ கேட்டதற்கு இது பாதி எதிராகப் போகிறது, எனக்குத் தெரிகிறது. அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்பேன்.

அலைவரிசை · நவம்பர் 16, இரவு 10:50

இன்று மறுபடி மழைநாள், மறுபடி அதே கடற்பரப்பில் ஒரு தாழ்வுப் பகுதி. வாசித்தது இது. மாவட்டங்களை மேலே சொன்னவையாகவே விட்டிருக்கிறேன்:

> இன்று இரவு கவனமாக இருக்க வேண்டிய மாவட்டங்கள் கடலூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம். மூன்றுக்கும் ஆரஞ்சு எச்சரிக்கை, அதாவது தயாராக வேண்டிய நேரம். நாளை காலை எட்டரை வரை இங்கே சில ஊர்களில் கனமழையும் மிக கனமழையும் பெய்யலாம். எந்த ஊர் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இப்போது வானம் வெளுத்திருந்தாலும் பின்னிரவில் மழை திரும்பலாம்.
>
> இன்று காலை எட்டரையுடன் முடிந்த ஒரு நாளில் அதிகபட்சமாக 9 சென்டிமீட்டர் பதிவானது.
>
> மழைக்குக் காரணம் தென்மேற்கு வங்கக்கடலில் உள்ள காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. நாளை இரவுக்குள் இது அடுத்த படியான தாழ்வு மண்டலமாகலாம். புயல் இல்லாமலே இந்த மழை பெய்யும்.
>
> தென்மேற்கு வங்கக்கடலிலும் அதை ஒட்டிய கரையோரத்திலும் பலத்த காற்று, திடீர் திடீரென்று 55 கிலோமீட்டர் வேகம் வரை. நாளை மறுநாள் வரை மீனவர்கள் அங்கே போக வேண்டாம். கடலில் இருப்பவர்கள் உடனே கரை திரும்ப வேண்டும்.

72 வினாடி. மீதி 18 வினாடியில் எதையும் திணிக்கவில்லை, மாவட்ட வரைபடத்தை அப்படியே நிறுத்தி வைத்தோம். கீழே ஓடும் வரியில் மூன்று மணி நேரத்துக்கான முன்னறிவிப்பை, வர வர மாற்ற இரவுப் பணியாளர் ஒருவரை ஒப்புக்கொள்ள வைத்தேன்.

கரைவலை · நவம்பர் 17, காலை 5:40

கேட்டேன். "உடனே கரை திரும்ப வேண்டும்" என்பதைக் கடைசியில் வைத்தது நல்லது, பக்கத்து வீட்டம்மா அதைக் கேட்டுவிட்டுத்தான் எனக்கு போன் செய்தார். அவர் மகனின் படகு இன்னும் வரவில்லை, வயர்லெஸ்ஸில் கிடைத்தான், பாதி வழியில் இருக்கிறான்.

ஈசானமூலை · நவம்பர் 17, காலை 7:15

அலைவரிசை, இப்போதுதான் காலை 6 மணி மறு ஒளிபரப்பு பார்த்தேன். நேற்று வாசித்தது அப்படியே போகிறது. "இன்று இரவு", "பின்னிரவில் மழை திரும்பலாம்" என்று விடிந்த பிறகு வாசிக்கிறார் உங்கள் ஆள். "இன்று காலை எட்டரையுடன்" என்பது நேற்றைய காலை, இன்றைய கணக்கு இன்னும் எடுக்கவே இல்லை. கடிகாரத்தைச் சொன்னால் மாறாது என்று நான்தான் எழுதினேன், மணி மாறவில்லை, இன்றும் நேற்றும் மாறிவிட்டன. கிழமையைச் சேர்த்திருக்க வேண்டும், எனக்கு அது தோன்றவில்லை.

அலைவரிசை · நவம்பர் 17, காலை 8:05

பார்த்தேன். உடனே அதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். இனி இரவு வாசிப்பிலேயே கிழமை இருக்கும். காலைக்குத் தனி வாசிப்பு எழுத ஆள் இல்லை என்கிறார்கள், எட்டரைக்கு மழைக்கணக்கு வந்ததும் நானே வீட்டிலிருந்து நான்கு வரி எழுதி அனுப்பப் போகிறேன். கரைவலை, அந்தப் பையன் வந்து சேர்ந்ததும் இங்கே ஒரு வார்த்தை எழுதுங்கள்.